சாஃப்ட்வேர் சந்தாவை நிறுத்தப்போகிறீர்களா? முதலில் டி.சி. கணக்கைக் கையில் வாங்குங்கள்!

திருப்பூரில் நூலாக வந்து இறங்கும் சரக்கு, டி-ஷர்ட்டாக அட்டைப்பெட்டிக்குள் போவதற்குள் பல கை மாறுகிறது. நிட்டிங் ஓர் இடம், சாயம் ஓர் இடம், காம்பாக்டிங் இன்னோர் இடம். பிறகு கட்டிங், பிரின்டிங், பவர் டேபிள், செக்கிங் என்று ஊரையே சுற்றி வருகிறது. ஒவ்வொரு முறை சரக்கு வாசலைத் தாண்டும்போதும் ஒரு டெலிவரி சலான் போடுகிறார்கள். பேச்சு வழக்கில் 'டி.சி.'

கார்பன் பேப்பர் வைத்து எழுதிய டி.சி. புத்தகம் அலமாரியில் இருந்த காலத்தில் ஒரு வசதி இருந்தது. புத்தகம் விற்ற கடைக்காரருடன் சண்டை வந்தாலும் புத்தகம் நம்மிடமே இருக்கும். இன்று அந்தக் கணக்கு, பல யூனிட்களில் ஆண்டுச் சந்தா கட்டி வாங்கிய மென்பொருளில் இருக்கிறது. அந்த மென்பொருள் ஓடுவது, அதை விற்ற கம்பெனியின் சர்வரில்.

சந்தாத் தொகை ஏறிவிட்டது, கூப்பிட்டால் ஆள் வருவதில்லை, வேறு மென்பொருள் பார்த்தாயிற்று. இப்படி ஏதோ ஒரு காரணத்தால் மாற நினைக்கும் ஓனர், டீலருக்கு போன் போட்டு, "அடுத்த வருஷம் வேண்டாம்ங்க" என்று சொல்லிவிடுகிறார். எதிர்முனையிலும் "சரிங்க" என்கிறார்கள். ஏப்ரல் முதல் தேதி காலையில் லாகின் திறக்காதபோதுதான் பிரச்னை தெரிகிறது.

டி.சி. தொலைந்தால் வரி வரும்

கணக்கு கைக்கு வராமல் போனால் என்ன நஷ்டம்? முதல் அடி ஜி.எஸ்.டி-யில் விழும்.

ஜாப் ஒர்க்குக்கு வரி கட்டாமல் துணியை வெளியே அனுப்ப, மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-வது பிரிவு அனுமதிக்கிறது. ஆனால், அனுப்பிய துணி ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும். அல்லது ஜாப் ஒர்க் செய்பவரின் இடத்திலிருந்தே விதிப்படி விற்பனைக்குப் போக வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால், துணி அனுப்பிய அன்றைக்கே விற்கப்பட்டதாகக் கருதி, வரியும் வட்டியும் கேட்கலாம். எது போனது, எது வந்தது, எவ்வளவு கழிந்தது என்பதை ஐ.டி.சி-04 என்ற படிவத்தில் காட்ட வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அதற்குக் கீழே என்றால் ஆண்டுக்கு ஒரு முறை.

இந்தக் கணக்கை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பதையும் அதே சட்டத்தின் 36-வது பிரிவு சொல்கிறது. ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள். 2025-26 நிதியாண்டின் ஆண்டு ரிட்டர்னுக்கு வழக்கமான கெடு 2026 டிசம்பர் 31. அப்படியென்றால், 2025 ஏப்ரலில் போட்ட ஒரு டி.சி-யை 2032 டிசம்பர் வரை காட்டத் தயாராக இருக்க வேண்டும். அதிகாரி கேட்கும்போது, "பழைய சாஃப்ட்வேரை நிறுத்திட்டோம்" என்ற பதில் எடுபடாது. கணக்கை வைத்திருக்கும் கடமை, மென்பொருள் கம்பெனிக்கு இல்லை, யூனிட்டுக்குத்தான்.

இரண்டாவது அடி ஆட்களின் கணக்கில். சனிக்கிழமை சம்பளம், ஒன்றரை ஷிப்ட், பீஸ் ரேட், யார் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார்கள், வாரம் எவ்வளவு பிடித்தோம், மீதி எவ்வளவு என்பதெல்லாம் அந்த மென்பொருளில்தான் இருக்கும். அட்வான்ஸ் பாக்கி ஐயாயிரமா, மூவாயிரமா என்று காட்ட ஏடு இல்லை என்றால், முதலாளிக்கும் டெய்லருக்கும் இடையே வருவது மனத்தாங்கல். வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டரும், பொதுவாகக் கடைசி 12 மாத வருகைப் பதிவையும் சம்பளப் பதிவையும் கேட்பார்.

ஒப்பந்தத்தில் மூன்று தேதிகள்

ரத்து செய்யும் வேலை, பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுப்பதில் தொடங்குகிறது. காகிதமாக இல்லை என்றால், முதன்முதலில் பணம் கட்டியபோது வந்த மெயிலில் அல்லது இன்வாய்ஸின் பின்பக்கத்தில் விதிமுறைகள் இருக்கும். அதில் மூன்று விஷயங்களைத் தேட வேண்டும்.

முதலாவது, சந்தா முடியும் தேதி. பணம் கட்டிய தேதியும் சந்தா தொடங்கிய தேதியும் வேறாக இருக்கலாம் என்பதால், இன்வாய்ஸில் உள்ள காலத்தைப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, முன்னறிவிப்புக் காலம். "முடியும் தேதிக்கு 30 நாள் முன்பு எழுத்தில் தெரிவிக்காவிட்டால் சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும்" என்று ஒரு வரி இருக்கலாம். மார்ச் 31-ல் முடியும் சந்தாவுக்கு 30 நாள் என்றால், மார்ச் 1-ம் தேதிக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். 60 நாள் என்றால், ஜனவரி மாதமே முடிவெடுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, சந்தா முடிந்த பிறகு தரவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது. இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மைக்ரோசாஃப்ட் 365 போன்ற சேவையில், சந்தா முடிந்த பிறகு தரவை எடுத்துக்கொள்ள 90 நாள் தருவதாக விதிமுறையிலேயே எழுதியிருக்கிறார்கள். சிறிய கம்பெனிகளின் ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் போகலாம். அப்படியென்றால், முடியும் தேதியே கடைசி நாள் என்று எடுத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

தரவு எங்கே இருக்கிறது என்பதையும் இதே நேரத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். டேலி போல நம் கம்ப்யூட்டரிலேயே தரவு இருக்கும் மென்பொருளில், லைசென்ஸ் முடிந்தாலும் கோப்பு நம்மிடமே இருக்கும். 'எஜுகேஷனல் மோட்' என்ற நிலையில் அது திறக்கும், ஆனால் சில தேதிகளுக்கு மட்டுமே பதிவு போட முடியும். பிரவுசரில் லாகின் செய்து பயன்படுத்தும் மென்பொருளில் கதை வேறு. கதவும் பீரோவும் எதிர்த்தரப்பிடம் இருக்கின்றன.

போனில் சொன்னது கணக்கில் வராது

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 4-வது பிரிவின்படி, எழுத்தில் இருக்கவேண்டிய ஒன்று மின்னணு வடிவில், பிறகும் எடுத்துப் பார்க்கும்படி இருந்தால் போதும். எனவே, மெயில் எழுத்துதான். ஆனால், அறிவிப்பை எந்த முகவரிக்கு, எந்த வழியில் அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அதே வழியில் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் டீலருக்கு அனுப்பிய மெசேஜைக் காட்டி வாதாடலாம்தான். ஒப்பந்தத்தில் சொன்ன முகவரிக்கு அனுப்பிவிட்டால் அந்த வாதமே தேவைப்படாது.

உள்ளூர் டீலர் மூலம் வாங்கியிருந்தால், கம்பெனிக்கும் டீலருக்கும் ஒரே மெயிலில் அனுப்புவது நல்லது. "டீலர் எங்களுக்குச் சொல்லவில்லை" என்ற பதிலுக்கு இடமிருக்காது. ஒப்பந்தம் தபாலில் கேட்டால், அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 31-ல் சந்தா முடியும் ஒரு யூனிட், பிப்ரவரி 2-ம் தேதி இப்படி எழுதலாம்:

*"எங்கள் வாடிக்கையாளர் எண் ........ உள்ள சந்தா, வரும் மார்ச் 31-ம் தேதியுடன் முடிகிறது. அதை நாங்கள் புதுப்பிக்கப்போவதில்லை. இந்த மெயிலையே ஒப்பந்தத்தின்படியான அறிவிப்பாக எடுத்துக்கொள்ளவும்.*

*கீழ்க்கண்டவற்றை ஏழு நாள்களுக்குள் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டுகிறோம்: சந்தா முடியும் தேதி, அதற்குப் பிறகு எந்தத் தொகையும் எடுக்கப்படாது என்பது, இதுவரையிலான பாக்கி இருந்தால் அதன் விவரம், மார்ச் 31 இரவு வரை எங்கள் லாகின் முழுமையாகச் செயல்படும் என்பது.*

*எங்கள் தரவு முழுவதையும் எக்செல் அல்லது சி.எஸ்.வி. வடிவில், இணைப்புக் கோப்புகளுடன் பிப்ரவரி 20-க்குள் ஒரு முறையும், கடைசிப் பதிவுக்குப் பின் மார்ச் 31 அன்று மறுமுறையும் தரவும். நாங்கள் சரிபார்த்து எழுத்தில் தெரிவிக்கும் வரை எங்கள் தரவை அழிக்க வேண்டாம்."*

இந்தக் கடிதத்தில் கோபமோ, குறைப்பட்டியலோ இல்லை. சர்வீஸ் சரியில்லை என்று எழுதினால், பதில் அந்தப் பக்கம் போய்விடும். "ஒரு மாசம் டிஸ்கவுன்ட் தர்றோம், பொறுங்க" என்று பேச்சு இழுபட, முன்னறிவிப்புத் தேதி தாண்டிவிடும். போனில் பேசினால்கூட, பேசி முடித்த பிறகு, "இன்று காலை நீங்கள் சொன்னபடி" என்று ஒரு வரி மெயில் போட்டுவிடுவது நல்லது.

கடிதத்தில் தரவை இரண்டு முறை கேட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. முதல் முறை வருவது ஒத்திகை. என்ன வடிவில் வருகிறது, என்ன விடுபடுகிறது என்று பார்க்க அது உதவும். குறையைச் சொல்லித் திருத்தி வாங்க ஒரு மாதத்துக்கு மேல் கையில் இருக்கும். ஒரே முறை, அதுவும் கடைசி நாளில் வாங்கினால், திருத்தம் கேட்கும்போது நீங்கள் பழைய வாடிக்கையாளர்.

420 கிலோ துணி எங்கே போனது?

"டேட்டா கொடுத்துட்டோம்" என்று சொல்லி வருவது பல நேரங்களில் பி.டி.எஃப். ரிப்போர்ட்டாக இருக்கும். அச்சடிக்க அது போதும். புதிய மென்பொருளில் ஏற்றவோ, கூட்டிப் பார்க்கவோ உதவாது. எக்செல்லாக வந்தாலும் ஒரு சிக்கல் மறைந்திருக்கலாம். ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது புரியும்.

ஒரு யூனிட், 420 கிலோ கிரே துணியை 118-ம் எண் டி.சி. போட்டு சாயப்பட்டறைக்கு அனுப்புகிறது. பத்து நாள் கழித்து 250 கிலோ வருகிறது. அடுத்த வாரம் 149 கிலோ வருகிறது. மொத்தம் 399. மீதி 21 கிலோ, அதாவது 5 சதவிகிதம், சாயத்தில் கழிந்த எடை. மென்பொருளின் திரையில் 118-ம் எண்ணைத் திறந்தால் இவை எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். கீழே 'முடிந்தது' என்று இருக்கும்.

இதே தரவு எக்செல்லாக வரும்போது, போன சரக்கு ஒரு தாளிலும் வந்த சரக்கு இன்னொரு தாளிலும் வரக்கூடும். வந்த தாளில் தேதி இருக்கிறது, சாயப்பட்டறை பெயர் இருக்கிறது, 250 என்றும் 149 என்றும் எடை இருக்கிறது. ஆனால், அவை 118-ம் எண் டி.சி-க்கு எதிராக வந்தவை என்று சொல்லும் கட்டம் இல்லை. கழிவு எடைக்கும் கட்டம் இல்லை. திரையில் இரண்டையும் சேர்த்துக் காட்டியது மென்பொருள். அது போனதும் கோர்த்த கயிறும் போய்விடுகிறது.

ஒரே பட்டறைக்கு ஒரே வாரத்தில் பத்து லாட் போயிருந்தால், எந்த 250 கிலோ எந்த டி.சி-க்கு வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. 21 கிலோ, கழிவா, பட்டறையில் நிற்கும் பாக்கியா என்றும் தெரியாது. ஐ.டி.சி-04 படிவம் கேட்பது சரியாக இந்த விவரங்களைத்தான்: முதலில் அனுப்பிய சலான் எண், திரும்பிய அளவு, கழிவு.

ஒத்திகைக் கோப்பு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, வரவுத் தாளில் மூல டி.சி. எண்ணும் கழிவும் இருக்கின்றனவா என்பதை. இல்லை என்றால், "வரவு ஒவ்வொன்றுக்கும் மூல டி.சி. எண், லாட் எண், கழிவு எடை ஆகிய கட்டங்கள் வேண்டும்" என்று உடனே எழுதிக் கேட்க வேண்டும். மென்பொருள் கம்பெனிக்கு இது பெரிய வேலை அல்ல. அந்தத் தொடர்பு அவர்களின் தரவுத்தளத்தில் இருப்பதால்தான் திரையில் தெரிந்தது.

அடுத்த சோதனை இன்னும் எளிது. மென்பொருளில் மூன்று மாதங்களைத் தேர்ந்தெடுத்து, மொத்த டி.சி. எண்ணிக்கை, மொத்த எடை, நிலுவை எடை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எக்செல்லில் அதே மூன்று மாதங்களைக் கூட்டிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். வித்தியாசம் வந்தால், ரத்து செய்த டி.சி-களை எக்செல் கணக்கில் சேர்த்திருக்கிறதா என்று பார்க்கலாம். பிறகு, பழைய கட்டிலிருந்து ஏதாவது பத்து டி.சி. நகலை எடுத்து, வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

எக்செல் செய்யும் குறும்பு

சி.எஸ்.வி. கோப்பை நேராக இருமுறை கிளிக் செய்து திறப்பதில் ஓர் ஆபத்து உண்டு. எக்செல், எண்களில் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் காணாமல் போகும். 3-4 என்ற தேதி, கம்ப்யூட்டரின் அமைப்பைப் பொறுத்து ஏப்ரல் 3 ஆகவும் மார்ச் 4 ஆகவும் மாறலாம். தமிழில் இருக்கும் ஆட்களின் பெயர்கள் புரியாத குறிகளாகத் தெரியலாம். அந்த நிலையில் 'சேவ்' கொடுத்துவிட்டால், கெட்டுப்போனதே நிலைத்துவிடும்.

அதனால் வந்த கோப்பைத் திறக்கும் முன்பே இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட வேண்டும். பார்ப்பதற்கு, எக்செல்லின் 'டேட்டா' மெனுவில் உள்ள இறக்குமதி வழியில் போய், கணக்கு எண், பி.எஃப். எண் போன்ற கட்டங்களை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டுத் திறக்கலாம்.

ஸ்டைல் படங்கள், பையர் அனுப்பிய அளவுப் பட்டியல், ஸ்கேன் செய்த பில்கள் ஆகியவை பெரும்பாலும் இந்தத் தாள்களில் வராது. தனிக் கோப்புறையாகக் கேட்க வேண்டும். எந்தப் படம் எந்த ஸ்டைல் எண்ணுக்கு உரியது என்ற பட்டியலும் கூடவே வேண்டும்.

கடைசி வாரத்தில் செய்ய வேண்டியவை

மார்ச் கடைசி என்பது கணக்கு முடிக்கும் நேரம். புதிய மென்பொருளை மார்ச் மாதமே தொடங்கி, ஒரு சனிக்கிழமை சம்பளத்தையாவது இரண்டிலும் போட்டுப் பார்ப்பது நல்லது. அட்வான்ஸ் பிடித்தம் போக, இரண்டிலும் ஒரே தொகை வந்தால், தரவு சரியாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை எப்போது நிறுத்துவது? ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டு மூலம் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும். அனுமதியை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். யு.பி.ஐ. ஆட்டோபே என்றால், செயலியிலேயே ரத்து செய்யலாம். ஆனால், ஒத்திகைத் தரவு கைக்கு வருவதற்கு முன் இதைச் செய்தால், லாகின் முடக்கப்படும் வாய்ப்பு உண்டு. தரவு வந்து, உறுதிக் கடிதம் வந்து, அடுத்த தொகை எடுக்கும் தேதிக்கு முன் ரத்து செய்வதே சரியான வரிசை. பணத்தை நிறுத்துவதால் மட்டும் ஒப்பந்தம் முடிந்துவிடாது. அறிவிப்பு கொடுக்காமல் நிறுத்தினால், பாக்கி என்று பில் வரலாம். முன்தேதியிட்ட செக் கொடுத்திருந்தால், அதையும் கடிதத்தில் எண்ணோடு குறிப்பிட்டுத் திரும்பக் கேளுங்கள்.

பலரும் மறப்பது ஒன்று உண்டு. இ-இன்வாய்ஸும் இ-வே பில்லும் மென்பொருளிலிருந்தே போட வசதியாக, அரசு போர்ட்டல்களில் மென்பொருளுக்கென்று தனி யூசர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கிக் கொடுத்திருப்பார்கள். சந்தா முடிந்ததும் போர்ட்டலில் நுழைந்து அதை முடக்க வேண்டும். இல்லாவிட்டால், விலகிய கம்பெனியிடம் உங்கள் பெயரில் பில் போடும் சாவி தங்கிவிடும்.

புதிய இடத்தில் எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு, கடைசிக் கடிதம் ஒன்று மிச்சமிருக்கிறது. ஆட்களின் ஆதார், வங்கி விவரங்கள் உட்பட எல்லாத் தரவையும் அழித்துவிட்டதாக எழுத்தில் கேட்க வேண்டும். 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த தரவை அழிக்கும் பொறுப்பையும், தனக்காக அதைக் கையாளும் நிறுவனத்தை அழிக்கவைக்கும் பொறுப்பையும் தரவைத் திரட்டிய நிறுவனத்தின் மீதே வைக்கிறது. இங்கே அது யூனிட்தான்.

பதிலே வரவில்லை என்றால்?

வெளியேற விடாமல் இழுப்பதை 'சந்தாப் பொறி' என்று பெயரிட்டு, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். ஆனால், வியாபார நோக்கத்துக்காக வாங்கியவர் 'நுகர்வோர்' ஆகமாட்டார் என்கிறது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். சுயதொழிலாக, வாழ்வாதாரத்துக்காக நடத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. குடும்பமே உட்கார்ந்து தைக்கும் சிறிய பவர் டேபிள் யூனிட் அந்த விலக்கைக் கேட்கலாம். நூறு மெஷின் போட்ட கம்பெனிக்கு அது கடினம். அவர்களுக்கு வழி, ஒப்பந்தத்தை வைத்து வக்கீல் நோட்டீஸும் சிவில் நீதிமன்றமும்தான்.

ஐரோப்பாவில் நிலைமை மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 12 முதல் அங்கே நடைமுறைக்கு வந்த தரவுச் சட்டத்தின்படி, கிளவுட் சேவையிலிருந்து விலக இரண்டு மாதத்துக்கு மேல் முன்னறிவிப்பு கேட்க முடியாது. மாறும் காலம் முடிந்த பிறகும் தரவை எடுத்துக்கொள்ளக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். திருப்பூர் பனியனை வாங்கும் நாடுகளின் கடைக்காரருக்கு இருக்கும் இந்த உரிமை, பனியனைத் தைக்கும் யூனிட்டுக்குச் சட்டத்தில் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால்தான் உண்டு.

எழுதி வாங்கச் சரியான நேரம், விலகும்போது அல்ல, சேரும்போதுதான். புதிய மென்பொருளுக்குக் கையெழுத்துப் போடும் முன், விற்க வந்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, "முடிந்த பிறகு 60 நாள் தரவை எடுத்துக்கொள்ள அனுமதி, மூல டி.சி. எண்ணுடன் எக்செல்லில் தர வேண்டும்; அதற்குத் தனிக் கட்டணம் இல்லை" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். மாதிரி எக்செல் ஒன்றையும் அன்றே கேட்டு வாங்கி, 118-ம் எண் டி.சி-க்குச் செய்த அதே சோதனையைச் செய்து பார்க்கலாம். தரத் தயங்கினால், ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே அது தெரிந்துவிடும்.